கல்விக் கடன் வட்டிக்கு 80இ: எட்டு ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது?

வாசுகி_பெங்களூரு · சனி, காலை 9:40

வணக்கம். இந்த வருட ரிட்டர்ன் போட உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். 2018 ஜூனில் எம்பிஏ சேர்ந்தேன். 9 லட்சம் கல்விக் கடன். நானும் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிட்டால் அசல் ஏறாது என்று வங்கியில் சொன்னதால் அப்பா மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தார். 2020 அக்டோபரில் எனக்கு வேலை கிடைத்தது. 2021 ஏப்ரலில் முதல் இஎம்ஐ, பத்து ஆண்டுக்கு மாதம் 12,144 ரூபாய். அன்றிலிருந்து என் சம்பளக் கணக்கிலிருந்துதான் போகிறது.

வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவில் எட்டு ஆண்டு வரை வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர், 2018-ல் கடன் வாங்கியதால் இதுதான் கடைசி ஆண்டு என்கிறார். இன்னொருவர், இஎம்ஐ ஆரம்பித்த 2021-லிருந்து எண்ணு, 2029 வரை இருக்கிறது என்கிறார். எது சரி?

சேலம்_ரகு · சனி, காலை 10:05

உங்கள் அலுவலக நண்பர் சொன்ன முதல் கணக்குதான் சரி. கடன் அனுமதித்த தேதியிலிருந்து எட்டு ஆண்டு. ரிட்டர்னிலேயே கடன் அனுமதித்த தேதியைக் கேட்கிறார்களே, எதற்கு? அதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். 2018-19 முதல் ஆண்டு, 2025-26 எட்டாவது. இந்த ஆண்டோடு முடிந்தது.

கடலூர்க்காரன் · சனி, காலை 10:20

எத்தனை ஆண்டு என்பது இருக்கட்டும், இதில் ஒன்றரை லட்சம் வரைதானே கழிக்க முடியும்? பிஎஃப்-பே அதை நிரப்பிவிடும். அப்புறம் வட்டியைக் காட்டி என்ன பயன்? என் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியபோது இப்படித்தான் ஒரு பைசா பயன் இல்லாமல் போனது.

தணிக்கை_அறை · சனி, காலை 11:15

கடலூர் ஐயா, நீங்கள் சொல்வது 80சி. பிள்ளைகளின் கல்விக் கட்டணம், பிஎஃப், எல்ஐசி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்பது அங்கே. 80இ தனி. இதில் தொகைக்கு உச்சவரம்பே கிடையாது. கட்டிய வட்டி 30,000 என்றாலும் கழிக்கலாம், 4 லட்சம் என்றாலும் கழிக்கலாம். அசலுக்கு மட்டும் எதுவும் கிடையாது. தொகைக்கு வரம்பு வைக்காமல் ஆண்டுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் வாசுகியின் கேள்வி முக்கியம்.

ரகு, அனுமதித்த தேதியைக் கேட்பது உண்மை. Schedule 80E-யில் வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச் 31 அன்று பாக்கி, வட்டி என எல்லாமே கேட்கிறார்கள். ஆனால் எட்டு ஆண்டைச் சட்டம் அந்தத் தேதியிலிருந்து எண்ணவில்லை. வரி செலுத்துபவர் அந்தக் கடனுக்கு வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டுதான் தொடக்க ஆண்டு. அதற்கு அடுத்து வரும் ஏழு ஆண்டுகளையும் சேர்த்து எட்டு. நடுவில் வட்டி முழுவதும் தீர்ந்துவிட்டால் அங்கேயே முடிந்தது. இஎம்ஐ தொடங்கிய நாள் என்றும் சட்டத்தில் இல்லை. வட்டி கட்டத் தொடங்கிய நாள்தான்.

வாசுகி, உங்கள் விஷயத்தில் சிக்கல் எங்கே என்றால், 2018-லேயே வட்டி கட்டத் தொடங்கியாகிவிட்டது. கட்டியது நீங்கள் அல்ல, அப்பா. இரண்டு விவரம் வேண்டும். அப்பா அவருடைய ரிட்டர்னில் அந்த வட்டியைக் கழித்தாரா? அப்பா கட்டிய காலத்தில் உங்கள் கணக்கிலிருந்து ஒரு முறையாவது பணம் போனதா?

வாசுகி_பெங்களூரு · சனி, பகல் 12:30

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தார். 2018-19, 2019-20, 2020-21 மூன்று ஆண்டும் கழித்திருக்கிறார். 2022-ல் ஓய்வு பெற்றார். என் கணக்கிலிருந்து எதுவும் போனதாக நினைவில்லை. நான் 2021-22-லிருந்து கழித்து வருகிறேன். 2024-25-ல் மட்டும் அலுவலகத்தில் எதுவும் சொல்லாமல் விட்டதால் புதிய முறையிலேயே வரி பிடித்துவிட்டார்கள், ரிட்டர்னையும் அப்படியே போட்டுவிட்டேன். அந்த ஆண்டு வட்டி சுமார் 72,000. அந்த ஒரு ஆண்டை எட்டுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா?

தணிக்கை_அறை · சனி, மாலை 4:10

சேர்க்க முடியாதம்மா. எட்டு ஆண்டு என்பது தொடர்ச்சியாக ஓடும் காலம். எட்டு முறை பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கூப்பன் அல்ல. நீங்கள் புதிய முறையில் இருந்தாலும், வேலை இல்லாமல் இருந்தாலும், கழிக்க மறந்தாலும் அந்த ஆண்டு எண்ணிக்கையில் போய்விடும். புதிய வரி முறையில் 80இ கிடையாது, ஆனால் ஆண்டு மட்டும் ஓடும். 2023-24-லிருந்து புதிய முறைதான் தானாக வரும் முறை. சம்பளக்காரர்கள் பழைய முறை வேண்டுமென்றால் ரிட்டர்னிலேயே தேர்வு செய்யலாம், ஆனால் கெடுவுக்குள் போட வேண்டும். கெடு தாண்டிவிட்டால் அந்த ஆண்டுக்குப் புதிய முறைதான். உங்களைப் போல எத்தனையோ பேர் இப்படி ஓர் ஆண்டை இழந்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தொடக்க ஆண்டு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் வரி செலுத்துபவர் கட்டத் தொடங்கிய ஆண்டு என்றுதான் இருக்கிறது. அப்பா ஒரு வரி செலுத்துபவர், நீங்கள் இன்னொருவர். இருவருமே கடன்தாரர்கள். ஆகவே அப்பாவின் எட்டு ஆண்டு 2018-19-ல் தொடங்கியது, உங்கள் எட்டு ஆண்டு 2021-22-ல் தொடங்கியது என்பது என் வாசிப்பு. அப்படியானால் 2028-29 வரை உங்களுக்கு இருக்கிறது. கடனுக்கு ஒரே கடிகாரம்தான் என்று பார்க்கும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லுக்குச் சட்டத்தின் வாசகத்தில் பிடிமானம் குறைவு என்று நினைக்கிறேன். ஆனால் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்குப்பிள்ளை · சனி, இரவு 8:45

எவ்வளவு பணம் இதில் ஊசலாடுகிறது என்று போட்டுப் பார்த்தேன். 9 லட்சம், 120 மாதம், 12,144 ரூபாய் என்றால் வட்டி பத்தரை சதவீதம் வருகிறது. அது மாறாமல் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். முதல் ஆண்டில் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 92,000. இந்த ஐந்தாவது ஆண்டில் 64,000. எட்டாவது ஆண்டில் 34,000 ஆக இறங்கிவிடும். ஒன்பதும் பத்தும் சேர்த்தே 29,600தான்.

அதாவது 2021-லிருந்து எண்ணினால் கழிக்க முடியாமல் போகும் வட்டி வெறும் 29,600. 2018-லிருந்து எண்ணினால் அடுத்த ஐந்து ஆண்டு வட்டியும் போய்விடும், அது 1,63,600. வித்தியாசம் 1,34,000. இருபது சதவீத வரிப்படியில் செஸ்ஸும் சேர்த்தால் சுமார் 27,900 ரூபாய் வரி. ஆறு, ஏழு, எட்டு என்ற மூன்று ஆண்டுக்கும் சேர்த்து இவ்வளவுதான்.

இன்னொன்று, உங்கள் சம்பளம் என்ன? 2025-26-லிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை. உங்கள் சம்பளம் அதற்குள் என்றால் இந்த இழையே தேவையில்லை.

வாசுகி_பெங்களூரு · சனி, இரவு 9:20

17 லட்சம். வாடகைக்கு 2.4 லட்சம் கழிவு வரும். பிஎஃப் ஒன்றரை லட்சத்தை நிரப்பிவிடும். மருத்துவக் காப்பீடு 25,000. கோவையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு என் பெயரில் கடன் இருக்கிறது, அதில் 2 லட்சம் வட்டி கழிகிறது.

கணக்குப்பிள்ளை · சனி, இரவு 10:30

சரி, இது சுவாரசியமாக வருகிறது. புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு போக 16.25 லட்சம், வரி செஸ்ஸோடு 1,30,000. பழைய முறையில் நீங்கள் சொன்ன எல்லாவற்றையும், நிலைக்கழிவு 50,000-ஐயும் கழித்தால் 10.35 லட்சம் நிற்கிறது. கல்விக் கடன் வட்டியைத் தொடாமலே வரி 1,27,920. இரண்டு முறையும் ஏறக்குறைய சமம். இப்போது 64,000 வட்டியையும் கழியுங்கள். 9.71 லட்சம், வரி 1,10,968. பழைய முறை 19,000 ரூபாய் லாபம், அதில் 17,000 இந்த 80இ கொடுப்பது.

80இ போன ஆண்டில் உங்களுக்குப் பழைய முறையில் இருக்க அநேகமாகக் காரணமே இருக்காது. வாடகை ரசீது, வீட்டு உரிமையாளரின் பான் எண் என்று அலைவதெல்லாம் அந்த 2,000 ரூபாய்க்காகத்தான் என்று ஆகிவிடும்.

மெய்யப்பன்_மதுரை · ஞாயிறு, காலை 7:50

நல்ல இழை. என் விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். மகன் ஜெர்மனியில் எம்எஸ் படிக்கிறான், போன ஆண்டு போனான். 30 லட்சம் கடன், 11 சதவீதம். முதன்மைக் கடன்தாரர் அவன், நான் கூட்டுக் கடன்தாரர். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை எதுவும் கட்டத் தேவையில்லை. வங்கி அனுப்பிய வட்டிச் சான்றிதழில் 2025-26-க்கு 2,86,000 என்று இருக்கிறது. நான் 30 சதவீதப் படியில் இருக்கிறேன். இதை அப்படியே கழித்துவிடலாம்தானே?

சேலம்_ரகு · ஞாயிறு, காலை 8:15

தாராளமாகக் கழியுங்கள் சார். வங்கிச் சான்றிதழ் இருந்தால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள்.

தணிக்கை_அறை · ஞாயிறு, காலை 9:30

வேண்டாம் மெய்யப்பன் சார். அந்தச் சான்றிதழை எடுத்து ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். வட்டி கட்டியது என்று இருக்கிறதா, வட்டி பற்று வைக்கப்பட்டது என்று இருக்கிறதா? நீங்கள் ஒரு ரூபாயும் கட்டவில்லை. வங்கி உங்கள் கடன் கணக்கில் 2,86,000-ஐ ஏற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 80இ கட்டிய வட்டிக்கு மட்டும். அதுவும் வரிக்கு உட்பட்ட தன் வருமானத்திலிருந்து கட்டியிருக்க வேண்டும். ஏறி நிற்கும் வட்டிக்குக் கழிவு இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி கணக்கு அறிக்கைதான். ஏப்ரல் முதல் மார்ச் வரை வரவுப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வரவே இல்லையென்றால் கழிக்க ஒன்றுமில்லை. ஜனவரியில் அலுவலகத்துக்காக வாங்கும் தற்காலிகச் சான்றிதழிலும் இதே வம்பு உண்டு. பிப்ரவரி, மார்ச் வட்டியையும் கட்டியதாகக் கணித்துப் போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு இஎம்ஐ தவறியிருந்தால் அந்த எண் தப்பு. ஏப்ரலுக்குப் பிறகு இறுதிச் சான்றிதழ் வாங்கித்தான் ரிட்டர்னில் போட வேண்டும்.

சேலம்_ரகு · ஞாயிறு, காலை 10:00

கட்டாமல் கழிப்பது தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் இஎம்ஐ கட்டுபவர்களை மனதில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

மெய்யப்பன்_மதுரை · ஞாயிறு, காலை 10:40

நல்லவேளை, இன்னும் ரிட்டர்ன் போடவில்லை. அப்படியென்றால் இந்த மாதத்திலிருந்து நானே வட்டியைக் கட்டத் தொடங்கட்டுமா? எனக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. இப்போதே கட்டினால் எட்டு ஆண்டும் இப்போதே ஓடத் தொடங்கிவிடும் என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார்.

தணிக்கை_அறை · ஞாயிறு, மாலை 5:20

ஓடத் தொடங்கும். ஆனால் உங்கள் நிலையில் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. நான்கு ஆண்டில் ஓய்வு என்றால் 30 சதவீதப் படியில் நீங்கள் இருக்கப்போவதே அந்த நான்கு ஆண்டுதான். அதற்குப் பிறகு மீதி ஆண்டுகளைச் சேமித்து வைத்து யாருக்கு லாபம்? 30 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3.3 லட்சம் வட்டி. முழுவதும் கட்டினால் பழைய முறையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்கு வரி குறையும். ஆனால் அதற்கு முன் கணக்குப்பிள்ளை போட்டதுபோல இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய முறை வெல்லாவிட்டால் இந்தக் கழிவும் காகிதத்தில்தான்.

மகன் அங்கேயே வேலையில் சேர்ந்து, இந்தியாவில் வரிக்குரிய வருமானம் இல்லாமல் இருந்தால் அவருக்கு 80இ-யால் பயன் இல்லை. திரும்பி வந்து கட்டினால் உண்டு.

வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒரு விஷயம் இருக்கிறது. கட்டாமல் விட்ட வட்டி, தவணை தொடங்கும்போது அசலோடு சேர்க்கப்படும். உங்கள் கடனில் மூன்று ஆண்டில் அது 9 லட்சத்தைத் தாண்டிவிடும். பிறகு இஎம்ஐ-யில் அதை அடைக்கும்போது வங்கி அதை அசல் என்றே காட்டக்கூடும். சான்றிதழில் அது வட்டியாக வராது. அது அடிப்படையில் வட்டிதானே, கட்டும்போது கழிக்கலாமே என்று வாதிடலாம், வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் சான்றிதழ் இல்லாமல் அந்த வாதத்தை நடத்துவது கடினம்.

கடைசியாக, கடன் கொடுத்தது வங்கியா, வங்கி அல்லாத நிதி நிறுவனமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் 80இ-க்காக மத்திய அரசு அரசிதழில் அறிவித்த நிறுவனமாக இருக்க வேண்டும். அறிவிக்கை எண்ணை அவர்களிடமே கேளுங்கள், இருந்தால் உடனே கொடுப்பார்கள்.

நெய்தல் · ஞாயிறு, இரவு 9:05

அண்ணா, என் தங்கைக்கு நர்சிங் படிப்புக்காக எடுத்த கடனை நான்தான் ஐந்து வருடமாகக் கட்டுகிறேன். அப்பா இல்லை. கடனில் என் கையெழுத்தும் இருக்கிறது. இதுவரை கழித்ததில்லை. எனக்கு எட்டு ஆண்டில் எத்தனை மிச்சம்?

தணிக்கை_அறை · ஞாயிறு, இரவு 9:50

தம்பி, இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 80இ-யில் தன் படிப்பு, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், தான் சட்டப்படி பாதுகாவலராக இருக்கும் மாணவர் ஆகியோர் மட்டும்தான் வருவார்கள். அண்ணன் தங்கைக்காகக் கட்டுவது வராது. கையெழுத்து இருந்தாலும் வராது. நம் ஊரில் அண்ணன் கட்டாத கல்விக் கடன் எத்தனை? இந்தப் பட்டியலில் உடன்பிறந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்று பல வருடமாக எனக்குத் தோன்றுகிறது. தங்கை வேலைக்குப் போய் வரி கட்டும் நிலைக்கு வந்தால், அவர் தன் கணக்கிலிருந்து கட்டட்டும், நீங்கள் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து அவருக்கு எட்டு.

நெய்தல் · ஞாயிறு, இரவு 10:10

அவள் போன மாதம்தான் சேர்ந்தாள், சம்பளம் இப்போதைக்கு வரி வரம்புக்குள் வராது. ஆனால் கட்டத் தொடங்கினால் ஆண்டு ஓடுமே. அதனால் இப்போதைக்கு நானே கட்டுகிறேன். புரிந்தது அண்ணா.

வாசுகி_பெங்களூரு · செவ்வாய், மாலை 6:30

ஒரு புது விஷயம். தணிக்கை அறை சார் கேட்டதால் முதல் நாளிலிருந்து கடன் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 2019 மே மாதத்தில் ஒரு வரவு, 4,315 ரூபாய், என் கணக்கிலிருந்து போயிருக்கிறது. இப்போதுதான் நினைவு வருகிறது. அப்பாவுக்கு அந்த மாதம் சம்பளம் தாமதமானது, எனக்கு இன்டர்ன்ஷிப் உதவித்தொகை வந்திருந்தது. இந்த மாதம் நான் கட்டுகிறேன் அப்பா என்று பெருமையாகக் கட்டினேன். அந்த ஆண்டில் என் மொத்த வருமானமே 60,000தான், ரிட்டர்னும் போடவில்லை. இது என் எட்டு ஆண்டைத் தொடங்கிவிட்டதா?

கணக்குப்பிள்ளை · செவ்வாய், இரவு 7:15

என் கருத்தில் இல்லை. வரிக்குரிய வருமானத்திலிருந்து கட்டிய வட்டிக்குத்தான் அந்தப் பிரிவே. அப்போது உங்களுக்கு வரிக்குரிய வருமானமே இல்லை. அந்தப் பணம் இந்தப் பிரிவுக்குள் வராதபோது அது எப்படித் தொடக்கமாகும்?

தணிக்கை_அறை · செவ்வாய், இரவு 9:40

கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரிக்குரிய வருமானம் என்ற நிபந்தனை கழிவு தரும் வரியில் இருக்கிறது. தொடக்க ஆண்டை விளக்கும் வரியில் அது இல்லை. அங்கே வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டு என்று மட்டும்தான். அந்த வாசகத்தை அப்படியே பிடித்தால் உங்கள் தொடக்கம் 2019-20, கடைசி ஆண்டு 2026-27. இரண்டு பக்கமும் பேசலாம். நான் என் வாடிக்கையாளருக்கு என்றால் 2026-27-ஐக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். 2027-28, 2028-29 என்ற இரண்டு ஆண்டு வட்டியும் சேர்த்து 79,000. வரியில் பதினாறாயிரம் சொச்சம். அதற்காக நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தயாரா என்பது அவரவர் முடிவு.

இந்த ஆண்டைப் பொறுத்தவரை கவலையே இல்லை. 2018, 2019, 2021 எதிலிருந்து எண்ணினாலும் 2025-26 எட்டுக்குள் வருகிறது. பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, கெடுவுக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம். 80இ அங்கே 129-ஆம் பிரிவு. எட்டு ஆண்டு என்பது அங்கேயும் அப்படியேதான்.

கணக்குப்பிள்ளை · செவ்வாய், இரவு 10:05

நான் 2028-29 வரை கழிப்பேன். 60,000 வருமானத்தில் கட்டிய 4,315 ரூபாயை வைத்து இரண்டு ஆண்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

வாசுகி_பெங்களூரு · புதன், காலை 8:20

ரிட்டர்ன் போட்டுவிட்டேன். பழைய முறை, Schedule 80E-யில் இறுதிச் சான்றிதழில் உள்ள தொகை. கடன் கணக்கின் முழு அறிக்கையையும் பிடிஎஃப்-ஆக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டும் கழிப்பேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று 2028-ல் இதே இழைக்கு வந்து கேட்கிறேன். அப்பாவிடம் அந்த 4,315 ரூபாயைச் சொன்னேன். அவருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

மெய்யப்பன்_மதுரை · புதன், பகல் 1:45

வங்கிக் கிளைக்குப் போய்க் கட்டிய வட்டிக்கு மட்டும் சான்றிதழ் கேட்டேன். 2025-26-க்கு சுழியம் என்று போட்டுக் கொடுத்தார்கள். இன்றே 27,500 கட்டிவிட்டு வந்தேன். கணக்குப்பிள்ளை சார், என் சம்பள விவரத்தை அனுப்பினால் இரண்டு முறையையும் போட்டுப் பார்த்துச் சொல்வீர்களா?